22 பக்கக் கொள்கை இரண்டு பக்கமாகும்போது விடுபடக் கூடாதவை

கேள்வி: சென்னையில், அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் பில்லிங் செய்து தரும் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். வீட்டிலிருந்து பணிபுரிவது பற்றிய எங்களுடைய 22 பக்கக் கொள்கையைத் தகுதி, கருவிகள், பாதுகாப்புக் கடமைகள், தகவல் தெரிவித்தல் என நான்கு தலைப்புகளில் இரண்டு பக்கமாகச் சுருக்கித் தரும்படி மேலாளர் சொன்னார். சுருக்கி எல்லோருக்கும் அனுப்பினேன். அதன் பிறகு எனக்கு வரும் கேள்விகள் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிட்டன. இரண்டு பேர் புகாரே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கொள்கையையும் என் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன். எங்கே தவறு செய்தேன்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கொள்கையை ஒரு பக்கமும் உங்கள் சுருக்கத்தை மறுபக்கமும் வைத்து, ஒவ்வொரு பிரிவாக ஒப்பிட்டுப் படித்தேன். உங்கள் நடை தெளிவாகவே இருக்கிறது. தேவையற்ற சொற்களை நன்றாகவே களைந்திருக்கிறீர்கள். பிழை நடையில் இல்லை. நான்கு தலைப்புகளின் கீழும் "ஊழியர்கள்" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கொள்கையில் அந்த நான்கு இடங்களிலும் பேசப்படுபவர்கள் ஒரே கூட்டத்தினர் அல்லர். உங்களுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்திலிருந்தே கிளம்பியிருக்கின்றன.

கொள்கையின் இரண்டாம் பிரிவைத் திறந்து பாருங்கள். சுருக்குபவர்கள் வழக்கமாக முதலில் தாண்டிச் செல்லும் சொல்விளக்கப் பகுதி அது. எழுத்துப்பூர்வமான ஒப்புதலுடன் வாரத்தில் மூன்று நாளோ அதற்கு மேலோ வீட்டிலிருந்து பணிபுரிபவரே "வீட்டுப்பணியாளர்" என்று அங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது. மழை, உடல்நலக் குறைவு போன்ற காரணங்களுக்காக டீம் லீடரின் அனுமதியுடன் மாதத்தில் நான்கு நாட்களுக்கு மிகாமல் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்குத் "தற்காலிக வீட்டுப்பணி" என்று தனிப் பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது. தகுதி பற்றிய நான்காம் பிரிவும் கருவிகள் பற்றிய ஐந்தாம் பிரிவும் முதல் வகையினருக்கு மட்டுமே உரியவை. பாதுகாப்பு பற்றிய ஆறாம் பிரிவோ, நிறுவனத்தின் கணினியையோ நோயாளிகளின் விவரங்களையோ அலுவலகத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் பயன்படுத்துகிறவர் உட்பட, ஒப்பந்த ஊழியர், பயிற்சியாளர் என எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. ஏழாம் பிரிவான தகவல் தெரிவித்தலில் பாதி எல்லோருக்கும், பாதி வீட்டுப்பணியாளர்களுக்கு மட்டும்.

இப்போது முதல் புகாரைப் பாருங்கள். டிசம்பர் மழையில் இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஓர் ஊழியர், இணையக் கட்டணமாக ரூ. 1,000 கேட்டிருக்கிறார். உங்கள் சுருக்கத்தில் "வீட்டிலிருந்து பணிபுரியும் ஊழியர்களுக்கு மாதம் ரூ. 1,000 இணையக் கட்டணம் வழங்கப்படும்" என்று இருக்கிறது. அவர் வீட்டிலிருந்து பணிபுரிந்தார், அவர் ஊழியர், அந்த வாக்கியத்தை அவர் சரியாகவே படித்திருக்கிறார். ஆகவே புதிய வரைவின் தொடக்கத்திலேயே, நான்கு தலைப்புகளுக்கும் முன்னால், இந்த இரண்டு வகையினரும் யார் என்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தலைப்பின் கீழும் முதல் வரியாக அது யாருக்குப் பொருந்தும் என்பதை எழுதுங்கள். இதற்கு ஆறு வரிகள் செலவாகும். இரண்டு பக்கத்தில் அது அதிகமாகத் தெரியலாம். ஆயினும் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

அடுத்தது தகுதி. உங்கள் வரைவில் இந்தத் தலைப்பு ஒரே வாக்கியமாக முடிந்துவிடுகிறது: "ஆறு மாதம் பணியாற்றி, நல்ல செயல்திறன் கொண்ட ஊழியர்கள் வீட்டிலிருந்து பணிபுரியலாம்." கொள்கையின் 4.1 நான்கு நிபந்தனைகளை வைக்கிறது: ஆறு மாதப் பணி நிறைவு, கடைசி அப்ரைசலில் ஐந்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல், நிலுவையில் ஒழுங்கு நடவடிக்கை இல்லாமை, முதல் இணைப்பில் உள்ள பணிகளில் ஒன்றில் இருத்தல். அதற்கு அடுத்த 4.2 இவை எல்லாம் நிறைவேறினாலும் ஒப்புதல் அளிப்பது துறைத் தலைவரின் முடிவு என்கிறது. உங்கள் வாக்கியத்தில் "ஐந்துக்கு மூன்று" என்ற அளவுகோல் "நல்ல" என்ற பெயரடையாகிவிட்டது. தன் வேலையை நல்லதல்ல என்று நினைப்பவர் யார்? இரண்டு நிபந்தனைகள் விடுபட்டுவிட்டன. இவற்றையெல்லாம்விட முக்கியமாக, "பணிபுரியலாம்" என்ற சொல்லில் உள்ள "லாம்" ஒரு வேலையைச் செய்திருக்கிறது, அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

தமிழில் "லாம்" இரண்டு பொருள்களில் வரும். "நீங்கள் போகலாம்" என்றால் அது அனுமதி. "மழை வரலாம்" என்றால் அது சாத்தியம். கொள்கையில் இருப்பது "ஒப்புதல் வழங்கப்படலாம்". அதாவது வழங்கப்படாமலும் போகலாம். உங்கள் சுருக்கத்தில் அது "ஊழியர்கள் பணிபுரியலாம்" என்று மாறியபோது, சாத்தியம் அனுமதியாகவும் அனுமதி உரிமையாகவும் ஆகிவிட்டது. இரண்டாவது புகாரை எழுதியவர் காசோலைகளையும் தபாலில் வரும் காகிதங்களையும் ஸ்கேன் செய்யும் குழுவில் இருக்கிறார். அந்தப் பணி முதல் இணைப்பில் இல்லை. காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் இருக்கவும் முடியாது. ஆனால் ஆறு மாதம் முடித்து, அப்ரைசலில் நான்கு வாங்கிய அவருக்கு, உங்கள் வாக்கியத்தின்படி மறுப்பு அநீதியாகவே தெரிந்திருக்கும். அவர்மேல் வருத்தப்பட இடமில்லை.

இந்தத் தலைப்பை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "வீட்டுப்பணிக்கு விண்ணப்பிக்க நான்கும் தேவை: ஆறு மாதப் பணி நிறைவு, கடைசி அப்ரைசலில் 3 அல்லது அதற்கு மேல், நிலுவையில் ஒழுங்கு நடவடிக்கை இல்லாமை, உங்கள் பணி முதல் இணைப்பில் இருத்தல். நான்கும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் தருவதா என்பதைத் துறைத் தலைவர் முடிவு செய்து எழுத்தில் தெரிவிப்பார். ஒப்புதல் 12 மாதங்களுக்குச் செல்லும். நீங்கள் வேறு குழுவுக்கு மாறினால் அன்றே முடிந்துவிடும்." கடைசி வாக்கியம் 4.5, 4.6 ஆகிய பிரிவுகளிலிருந்து வருகிறது. குழு மாறிய பிறகும் பழைய ஒப்புதலை நம்பி வீட்டிலேயே இருந்து, விடுப்புக் கணக்கில் சிக்கிக்கொள்பவர்கள் எல்லா நிறுவனங்களிலும் உண்டு. அதனால் அதைச் சுருக்கத்திலும் வைக்கிறேன்.

மகப்பேறு விடுப்புக்குப் பிறகான வீட்டுப்பணி பற்றிய 4.4-ஐ நீங்கள் விட்டுவிட்டீர்கள். அதைச் சேர்த்தே ஆக வேண்டும். மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம், வேலையின் தன்மை இடம் கொடுக்குமானால், விடுப்பு முடிந்த பிறகு வேலை கொடுப்பவரும் பெண் ஊழியரும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளில் வீட்டிலிருந்து பணிபுரிய வழி செய்தது. உங்கள் கொள்கை அந்த வழியைப் பொதுத் தகுதி நிபந்தனைகளிலிருந்து விலக்கித் தனியாக வைத்திருக்கிறது. சுருக்கத்தில் அது இல்லையென்றால், விடுப்பிலிருந்து திரும்பும் ஒருவர் தன் அப்ரைசல் எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்காமலேயே இருந்துவிடுவார். ஒரு விலக்கு சிலருக்கு மட்டும் பொருந்துகிறது என்பதால் அதை வெட்டிவிடத் தோன்றும். ஆனால் அந்தச் சிலருக்கு அந்த இரண்டு பக்கத்தில் தேவையான ஒரே வரி அதுவாகவே இருக்கும்.

கருவிகள் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனம் தருவது எது, ஊழியர் தன் செலவில் வைத்திருக்க வேண்டியது எது, கெட்டுப்போனால் யாரிடம் சொல்வது, வேலையை விட்டால் எத்தனை நாளில் திருப்பித் தருவது ஆகிய நான்கும் வந்துவிட்டால் போதும். மடிக்கணினி, இரண்டாவது திரை, ஹெட்செட் ஆகியவை நிறுவனத்துடையவை என்பதையும், யூ.பி.எஸ். ஊழியரின் பொறுப்பு என்பதையும், மூன்று வேலை நாட்களில் திருப்பித் தர வேண்டும் என்பதையும் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடங்களை மட்டும் திருத்துங்கள்.

ஒன்று, அந்த ரூ. 1,000. கொள்கையின் 5.3-இல் இருப்பது "பில்லின் அடிப்படையில் மாதம் ரூ. 1,000 வரை". நீங்கள் "பில்லின் அடிப்படையில்" என்பதையும் "வரை" என்பதையும் நீக்கிவிட்டீர்கள். எனக்கே ஒருமுறை இந்தத் தவறு நேர்ந்திருக்கிறது. ஒரு நிறுவனத்துக்குச் சுருக்கம் எழுதிக் கொடுத்தபோது "வரை" என்ற ஒற்றைச் சொல் அச்சுத் திருத்தத்தில் விடுபட்டது, ரூ. 599 பில் கட்டியவர்கள் மீதி ரூ. 401 எங்கே என்று கேட்டார்கள். கணக்குப் பிரிவுக்கும் ஊழியர்களுக்கும் இடையில் மூன்று மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. அன்றிலிருந்து வரை, குறைந்தது, முன்பு, பிறகு, தவிர, மட்டும் ஆகிய ஆறு சொற்களையும் மூலத்தில் வட்டமிட்டுக்கொண்டுதான் சுருக்கத் தொடங்குகிறேன். முடித்த பிறகு அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் சுருக்கத்தில் எங்கே போயிற்று என்று தேடுகிறேன். நீங்களும் இதைச் செய்யலாம். உங்கள் ஐந்தாம் பிரிவில் இத்தகைய சொற்கள் ஒன்பது இடங்களில் இருக்கின்றன. உங்கள் வரைவில் இரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன.

இரண்டு, சேதத்துக்கான பிடித்தம். "கருவி சேதமடைந்தால் தொகை சம்பளத்தில் பிடிக்கப்படும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொள்கையின் 5.6 அப்படிச் சொல்லவில்லை. ஊழியரின் கவனக்குறைவால் சேதம் ஏற்பட்டது என்று விசாரணையில் தெரிந்தால், அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகு பிடிக்கலாம் என்றே சொல்கிறது. அது நிறுவனத்தின் பெருந்தன்மையால் வந்த வாசகம் அல்ல. ஊழியரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளின் இழப்பு நேரடியாக அவருடைய அலட்சியத்தால் நேர்ந்திருந்தால் மட்டுமே, அதுவும் காரணம் கூற அவருக்கு வாய்ப்பளித்த பிறகே ஊதியத்தில் பிடிக்கலாம் என்பது 1936-இன் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த நெறி. உங்கள் சுருக்கம் அந்தப் பாதுகாப்பை நீக்கிவிட்டது; கூடவே, விழுந்து உடைந்த மடிக்கணினியை மறைத்து வைக்க ஊழியருக்கு ஒரு காரணத்தையும் கொடுத்துவிட்டது. மறைக்கப்பட்ட கணினி பாதுகாப்புப் பிரிவுக்கு வரும்போது எப்படியிருக்கும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பாதுகாப்புக் கடமைகள் பகுதியில்தான் நீங்கள் அதிகம் உழைத்திருக்கிறீர்கள், அதிகம் திணறியும் இருக்கிறீர்கள். ஆறாம் பிரிவில் 31 உட்பிரிவுகள் உள்ளன. அவற்றை ஏழு வரிகளாக்க முயன்று, "வி.பி.என். பயன்படுத்தவும், கடவுச்சொல்லைப் பாதுகாக்கவும், தரவுகளைப் பத்திரமாகக் கையாளவும், நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்கவும்" என்ற வடிவத்துக்கு வந்துவிட்டீர்கள். விதிகளைக் கடைப்பிடியுங்கள் என்பது விதிகளின் சுருக்கம் ஆகாது. ஆனால் 31 உட்பிரிவுகளையும் இரண்டு பக்கத்துக்குள் வைக்க முடியாது என்பதும் உண்மைதான். வழி என்னவென்றால், ஒவ்வொரு உட்பிரிவுக்கும் எதிரில், இதை யார் செய்கிறார்கள் என்று எழுதிப் பார்ப்பது.

நான் எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டு உட்பிரிவுகள் ஐ.டி. பிரிவுக்கு இடப்பட்ட கட்டளைகள்: கணினியின் வட்டைக் குறியாக்கம் செய்வது, பாதுகாப்பு மென்பொருளைப் புதுப்பிப்பது, அணுகல் பதிவேடுகளைச் சேமித்து வைப்பது போன்றவை. ஊழியர் இவற்றைச் செய்யவும் முடியாது, தடுக்கவும் முடியாது. எட்டு உட்பிரிவுகளைக் கணினியே நிறைவேற்றிவிடுகிறது: கடவுச்சொல் 12 எழுத்துக்குக் குறைந்தால் ஏற்காது, யூ.எஸ்.பி. செருகினால் திறக்காது, வி.பி.என். இல்லாமல் பில்லிங் மென்பொருள் வேலை செய்யாது. மீதமுள்ள பதினொன்று மட்டுமே மனிதர் செய்ய வேண்டியவை. அவர் செய்யாவிட்டால் எந்த இயந்திரமும் தடுக்காதவை. சுருக்கத்துக்கு உரியவை அந்தப் பதினொன்று. அவற்றிலும் சில ஒரே செயலை வெவ்வேறு சொற்களில் சொல்வதால், ஆறு வரிகளாகிவிடுகின்றன.

உங்கள் நிறுவனம் கையாள்வது அமெரிக்க நோயாளிகளின் மருத்துவ விவரம். அந்நாட்டின் ஹிப்பா சட்டத்தின் கீழ், மருத்துவமனைக்காக அத்தகைய விவரத்தைக் கையாளும் வெளி நிறுவனமும் ஒப்பந்தத்தின் வழியாக அதே காப்புக் கடமைகளை ஏற்கிறது. ஒரு வேலைக்குத் தேவையான அளவு விவரத்தை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை நெறிகளில் ஒன்று. இதை ஊழியரிடம் "தனியுரிமையைப் பேணவும்" என்று சொன்னால் அது காதில் விழுந்து போய்விடும். வீட்டில் அது என்னவாகத் தோன்றும் என்று சொல்ல வேண்டும். இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையே அலுவலக மேசை; இரவு ஷிப்ட்; எதிரில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி. திரையில் ஒரு நோயாளியின் பெயர், பிறந்த தேதி, நோய்க்குறியீடு. ஊழியர் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார். ஒரு காப்பீட்டுக் கோரிக்கை ஏன் நிராகரிக்கப்பட்டது என்று புரியாததால், திரையைக் கைபேசியில் படம் எடுத்து டீம் லீடருக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார். கணக்கு எண்ணை மறக்காமல் இருக்கத் தம்பியின் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறார். இவற்றில் எதையும் வி.பி.என். தடுக்காது.

ஆகவே அந்த ஆறு வரிகளும் அவர் கண்முன் நிற்கும் செயல்களாக இருக்கட்டும். "இருக்கையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் Win + L அழுத்தித் திரையைப் பூட்டுங்கள், வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும்." "திரை வேறொருவர் கண்ணில் படாத இடத்தில் அமருங்கள். நோயாளியின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டிய அழைப்புகளை ஹெட்செட்டில், மற்றவர் கேட்காத இடத்தில் பேசுங்கள்." "திரையைக் கைபேசியில் படம் எடுக்கக் கூடாது. நோயாளி விவரத்தை வாட்ஸப்பிலோ சொந்த மின்னஞ்சலிலோ அனுப்பக் கூடாது. சந்தேகம் இருந்தால் கணக்கு எண்ணை மட்டும் அலுவலக அரட்டையில் அனுப்புங்கள்." "நோயாளி விவரத்தைக் காகிதத்தில் எழுதவோ அச்சிடவோ கூடாது." "நிறுவனக் கணினியை வீட்டில் வேறு யாரும், ஐந்து நிமிடத்துக்குக்கூட, பயன்படுத்தக் கூடாது." "ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள், ஐ.டி. பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்பவரிடமும்." மூன்றாம் வரியைக் கவனியுங்கள். தடையோடு நிறுத்தாமல், அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்பதையும் சொல்கிறது. தேவை உண்மையானது, மாற்று வழி சொல்லப்படாத தடையை இரவு இரண்டு மணிக்கு வேலையை முடிக்கத் துடிப்பவர் மீறிவிடுவார்.

இதே பகுதியில் இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். 6.19-இன்படி ஒப்புதலில் குறிப்பிட்ட முகவரியில் மட்டுமே வேலை பார்க்க வேண்டும். ஊர்த் திருவிழாவுக்குப் போன இடத்தில் ஒரு வாரம் வேலை பார்ப்பது ஊழியருக்கு இயல்பாகத் தோன்றும். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் ஒப்பந்தம், பதிவு செய்யப்பட்ட முகவரிகளில் மட்டுமே நோயாளி விவரம் கையாளப்படும் என்று உறுதி கொடுத்திருப்பதாக இணைப்பில் பார்க்கிறேன். முன்கூட்டி எழுத்தில் அனுமதி பெற வேண்டும் என்பதையும், அதற்கான காரணத்தையும் அரை வரியில் சொல்லுங்கள். மற்றொன்று, 6.24: நிறுவனம் தன் கணினியில் நடக்கும் செயல்களைக் கண்காணிக்கும். உங்கள் வரைவில் இதை விட்டுவிட்டீர்கள். அச்சுறுத்துவது போல் இருக்கும் என்று நினைத்திருக்கலாம். கண்காணிக்கப்படுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பது நேர்மை. என்ன பதிவாகிறது, எது பதிவாகாது என்று கொள்கை சொல்லும் அளவுக்கு அப்படியே சொல்லிவிடுங்கள்.

இனித் தகவல் தெரிவித்தல். இதில்தான் உங்கள் சுருக்கத்தின் ஆபத்தான பிழை இருக்கிறது. தகவல் தெரிவித்தல் என்ற ஒரு பெயரின் கீழ் இரண்டு வேறு கடமைகள் உள்ளன. ஒன்று, வேலையைப் பற்றியது: ஷிப்ட் தொடக்கத்தில் உள்நுழைவு, முடிவில் முடித்த கோரிக்கைகளின் எண்ணிக்கை, இடையில் மின்சாரமோ இணையமோ போனால் 30 நிமிடங்களுக்குள் டீம் லீடருக்குத் தொலைபேசி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அலுவலகத்துக்கு வருவதா விடுப்பு எடுப்பதா என்ற முடிவு. இவை ஏழாம் பிரிவில் இருக்கின்றன, நீங்களும் எழுதிவிட்டீர்கள். மற்றொன்று, விபத்தைப் பற்றியது: கணினி தொலைந்தது, சந்தேகத்துக்குரிய இணைப்பைச் சொடுக்கிவிட்டது, நோயாளி விவரம் தவறான முகவரிக்குப் போய்விட்டது. கொள்கை இதை 6.27-இல் வைத்திருக்கிறது: தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள், பாதுகாப்புப் பிரிவின் 24 மணி நேரத் தொலைபேசிக்கு. உங்கள் சுருக்கத்தில் இது "பாதுகாப்புச் சம்பவங்களை மேலாளருக்கு உடனடியாகத் தெரிவிக்கவும்" என்று ஆகியிருக்கிறது. கால அளவு போய்விட்டது, சொல்ல வேண்டிய ஆளும் மாறிவிட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்தில் நான் விசாரிக்க நேர்ந்த சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை மாலை, அலுவலகப் பேருந்திலிருந்து இறங்கிய ஊழியர், பையைப் பேருந்திலேயே விட்டுவிட்டதை 7.40-க்கு உணர்ந்தார். அவர் கையில் இருந்த சுருக்கத்திலும் "மேலாளருக்கு உடனடியாக" என்றுதான் இருந்தது. மேலாளர் வார இறுதியில் ஊருக்குப் போயிருந்தார்; அழைத்தபோது எடுக்கவில்லை. மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, கடமையைச் செய்துவிட்ட நிம்மதியில் இருந்துவிட்டார். திங்கள் காலை 9.30-க்கு மின்னஞ்சல் படிக்கப்பட்டது. இடைப்பட்ட 37 மணி 50 நிமிடங்களில் அந்தக் கணினியைத் தொலைவிலிருந்து பூட்ட ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது. அந்த எண் முழுக் கொள்கையின் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. கணினி திரும்பக் கிடைத்தது. ஆனால் இடையில் யாரும் அதைத் திறக்கவில்லை என்று வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்க எங்களால் முடியவில்லை. அந்த ஊழியர் எதையும் மறைக்கவில்லை. அவர் கையில் இருந்த வாக்கியம் சொன்னதையே செய்தார்.

அந்த ஒரு மணி நேரம் மனம்போன போக்கில் போடப்பட்டதும் அல்ல. குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை, அவை தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையில் விதித்தது. நடந்தது அந்த வகையில் சேருமா, வாடிக்கையாளருக்கு எப்போது எழுதுவது என்பதையெல்லாம் பாதுகாப்புப் பிரிவு அந்த ஆறு மணி நேரத்துக்குள் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். ஊழியர் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மணி நேரமும் அதிலிருந்தே கழிகிறது. ஆனால் இந்த ஆறு மணி நேரத்தைச் சுருக்கத்தில் எழுதாதீர்கள். அது நிறுவனத்தின் கடமை. அதைப் பார்க்கும் ஊழியர் தனக்கு ஆறு மணி நேரம் இருப்பதாக நினைத்துவிடுவார். அவருக்கு உரிய எண் ஒன்று மட்டுமே.

எனவே தகவல் தெரிவித்தல் தலைப்பை இரண்டாகப் பிரித்து, விபத்தை முதலில் வையுங்கள்: "கணினி தொலைந்தால், தவறான இணைப்பைச் சொடுக்கிவிட்டால், விவரம் தவறான ஆளுக்குப் போய்விட்டால், அல்லது அப்படி நடந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால்கூட, ஒரு மணி நேரத்துக்குள் பாதுகாப்புப் பிரிவைத் தொலைபேசியில் அழையுங்கள். இரவானாலும் விடுமுறையானாலும் அழையுங்கள். மின்னஞ்சல் மட்டும் அனுப்பினால் போதாது. டீம் லீடரிடம் அதன் பிறகு சொல்லலாம். தானாக முன்வந்து தெரிவித்ததற்காக மட்டும் நடவடிக்கை எடுக்கப்பட மாட்டாது." கடைசி வாக்கியம் உங்கள் கொள்கையின் 8.3-இல் இருக்கிறது, யாரும் எட்டாத இடத்தில் இருக்கிறது. முன்பு சொன்ன, உடைந்த கணினியை மறைத்து வைப்பவருக்கும் தேவையான வாக்கியம் அதுதான். தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில், முதல் பக்கத்தில் போடுங்கள்.

பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகார் வழியையும் இதே தலைப்பின் கீழ் ஒரு வரியில் சேர்க்கச் சொல்வேன். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடத்தை வரையறுக்கும்போது வசிப்பிடத்தையும் வீட்டையும் குறிப்பிடுகிறது. காணொளிக் கூட்டத்திலோ அலுவலக அரட்டையிலோ நடப்பதை எங்கே சொல்வது என்று தெரியாமல் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கொள்கையின் 7.9 உள்ளகக் குழுவின் தொடர்பு முகவரியைத் தருகிறது. அதை எடுத்து வைத்தால் போதும்.

சுருக்கும்போது கொள்கையில் பதில் இல்லாத கேள்விகளும் உங்கள் முன் வரும். பிராட்பேண்ட் இணைப்பு அப்பாவின் பெயரில் இருந்தால் பில் ஏற்கப்படுமா என்பது அத்தகைய ஒன்று. ஐந்து பேர் கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "குடும்பத்தினர் பெயரில் இருந்தாலும் ஏற்கப்படும்" என்று நீங்களாகவே வரைவில் சேர்த்துவிட்டீர்கள். அது நியாயமான பதில்தான். ஆனால் அது சுருக்கம் அல்ல, புதிய விதி. விதி செய்யும் அதிகாரம் சுருக்குபவருக்கு இல்லை. அத்தகைய கேள்விகளைத் தனித் தாளில் எழுதி, கொள்கைக்குப் பொறுப்பானவரிடம் கொடுத்துக் கையொப்பத்துடன் பதில் வாங்குங்கள். அதன் பிறகு கொள்கையிலும் சுருக்கத்திலும் சேர்த்துவிடலாம். அதுவரை அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது எந்த உட்பிரிவிலிருந்து வந்தது என்ற எண்ணை இடுங்கள். வரி எங்கிருந்து வந்தது என்பதை வாசகர் தேடிப் பார்க்க அது உதவும். அதைவிட, எண் போட முடியாத ஒரு வரியை நீங்கள் எழுதிவிட்டால் அது மூலத்தில் இல்லை என்பது உங்களுக்கே உடனே தெரிந்துவிடும். சுருக்கத்துக்கும் கொள்கைக்கும் முரண் ஏற்பட்டால் கொள்கையே செல்லும் என்ற வாக்கியத்தையும் வையுங்கள். ஆனால் அதை நம்பி அசட்டையாக இருக்க முடியாது. நிறுவனமே எழுதிக் கொடுத்த தாளை நம்பி நடந்த ஊழியரிடம் அந்த வாக்கியத்தைக் காட்டி நடவடிக்கை எடுப்பது முறையாகாது.

வெளியிடுவதற்கு முன், கொள்கையை ஒருமுறைகூடப் படிக்காத மூன்று பேரிடம் புதிய வரைவைக் கொடுங்கள்: ஐந்து மாதம் முடித்த ஒருவர், ஸ்கேன் குழுவில் ஒருவர், ஏற்கெனவே வீட்டிலிருந்து பணிபுரியும் ஒருவர். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். நான் இன்று வீட்டுப்பணிக்கு விண்ணப்பிக்க முடியுமா, ரூ. 700 பில்லுக்கு எனக்கு எவ்வளவு கிடைக்கும், ஞாயிறு இரவு 11 மணிக்குக் கணினியைக் காணவில்லை என்றால் நான் முதலில் என்ன செய்வேன் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தாளைப் பார்த்தே சொல்லச் சொல்லுங்கள். இரண்டாம் கேள்விக்கு வீட்டுப்பணியாளர் ரூ. 700 என்றும் மற்ற இருவரும் எதுவும் கிடைக்காது என்றும் சொல்ல வேண்டும். மூன்றாம் கேள்விக்கு யாராவது டீம் லீடரின் பெயரைச் சொன்னால், தாளை இன்னும் அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே அனுப்பிய வரைவைத் திரும்பப் பெறும் மின்னஞ்சலில், மாற்றப்பட்ட இடங்கள் எவை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். புகார் எழுதிய இருவருக்கும் தனித்தனியே, தவறு சுருக்கத்தில் இருந்தது, அவர்கள் படித்ததில் இல்லை என்று எழுதுங்கள். பழைய தாளை அச்சிட்டு மேசையில் ஒட்டிவைத்திருப்பவர்கள் இருப்பார்கள் என்பதால், புதியதன் தலைப்பிலேயே தேதியையும் பதிப்பு எண்ணையும் போட்டுவிடுங்கள்.